மூன்று பேருக்கு ஒரே குறிப்பு

உதயகலா மிஸ்ஸுக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘யார் மிஸ்’. பட்டப்பெயர் வைப்பதில் நமது பிள்ளைகள் மகா கெட்டிக்காரர்கள். ஆளைப் பார்த்து ஒரு கிழமைக்குள் வைத்துவிடுவார்கள். அது ஓய்வுபெறும் வரை கூடவே வரும். இந்தப் பெயருக்கு ஒரு நியாயமும் இருந்தது. யாழ்ப்பாண நகர ஓரத்தில் இருந்த அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில், இரண்டாம் வருடப் பிள்ளைகள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஒரு செயற்றிட்டம் செய்து அறிக்கை கொடுக்கவேண்டும். ‘நீர் மாதிரிகள் எடுக்கப்பட்டன’, ‘முடிவுகள் ஒப்பிடப்பட்டன’ என்று அறிக்கை நெடுக எழுதிவைப்பார்கள். மிஸ் அந்த வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘யார்?’ என்று எழுதுவார். ஒரு அறிக்கையில் நாற்பத்தொரு ‘யார்?’ இருந்ததாகப் பழைய மாணவர்கள் இப்போதும் சொல்வார்கள்.

“குழுவாத்தான் போனனியள், சரி. கிணத்துக்குள்ளை வாளியை விட்டது ஒரு கைதானே? அது ஆற்றை கை?” என்று கேட்பார். கேட்டுவிட்டு விடமாட்டார். மொத்தம் நூறு புள்ளி. அதில் அறுபது அறிக்கைக்கு. குழுவில் உள்ள எல்லாருக்கும் ஒரே அளவு. மிச்சம் நாற்பது தனித்தனி ஆளுக்கு. அந்த நாற்பதில் இருபதுக்குக் கீழே போனால், குழு எத்தனை வாங்கியிருந்தாலும் அந்த ஆள் சித்தியில்லை. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கமாவது தனிக்குறிப்பு எழுதுவார். பிழையாக எழுதிவிட்டால் அழிக்கவேண்டும் என்பதற்காகத்தான் பென்சில். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அழித்தது குறைவு.

இதெல்லாம் போன வருடம் வரைக்கும் இருந்த கதை.

போன வருடம் சித்திரையில் அவருடைய கணவர் நமசிவாயம் காலமானார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்து, பதினொரு மாதம் படுக்கையில் கிடந்து போனவர். செத்தவீட்டில் உதயகலா அழவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை காணுமா என்று பார்த்தார், குடும்ப அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தார், ஐயர் கேட்ட சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். ‘பாவம், அதிர்ச்சி’ என்றார்கள் சனங்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வந்தது, அப்போதும் அழவில்லை. ‘கல்லு மனிசி’ என்று ஒருத்தி சொன்னது அவருடைய காதில் விழுந்தது. அதற்கும் ஒன்றும் வரவில்லை.

அவர் காலமான எட்டாம் நாளே உதயகலா கல்லூரிக்கு வந்துவிட்டார். அதன்பிறகு ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. காலையில் இணுவிலில் பஸ் ஏறுவார், வகுப்பு எடுப்பார், பஸ் ஏறித் திரும்பிப் போவார். கன்ரீன்காரி ஒரு நாள் தேத்தண்ணீருக்குச் சீனி போட மறந்துவிட்டாள். குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். கன்ரீன்காரிக்குத்தான் அன்று முழுக்க மனம் சரியில்லாமல் போய்விட்டது.

அறிக்கைகளின் ஓரத்தில் ‘யார்?’ நின்றுபோனது. புதிய மாணவர்களுக்கு அந்தப் பட்டப்பெயர் ஏன் வந்தது என்றே தெரியாது. ஆளைப் பார்த்து ‘யார் இது?’ என்று கேட்கவேண்டியிருப்பதால் வந்தது என்று ஒரு பொடியன் விளக்கம் சொன்னானாம்.

இந்த வருடம் பங்குனிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, பகுதித் தலைவர் பஞ்சலிங்கம் அவரைக் கூப்பிட்டனுப்பினார். பஞ்சலிங்கம் அதிகம் கதைக்காத மனிதர். கதைத்தால் கேட்டவர் இரண்டு நாளைக்கு அதையே நினைத்துக்கொண்டிருக்கவேண்டிவரும். மேசையில் ஒரு கோவை விரித்தபடி கிடந்தது. இணுவில் பக்கத்துத் தோட்டக் கிணறுகளிலும் வீட்டுக் கிணறுகளிலும் உவர் எவ்வளவு என்று அளந்த செயற்றிட்டம். கோபிசங்கர், நிவேதனா, றொசாந்தி என்று மூன்று பேர். மூவருக்கும் உதயகலா எழுதிய தனிக்குறிப்புத் தாள்கள் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

‘குழுவுடன் ஒத்துழைத்துப் பொறுப்புடன் செயற்பட்டுள்ளார். களவேலையிலும் அறிக்கை தயாரிப்பிலும் பங்களிப்புச் சிறப்பு. 32/40.’

மூன்று தாளிலும் அதுதான். பெயர் மட்டும் வேறு.

“அளவெடுக்காமல் மூண்டு பேருக்கும் ஒரே சட்டை தைச்சிருக்கிறியள், உதயகலா,” என்றார் பஞ்சலிங்கம்.

“நல்ல பிள்ளையள் சேர். மூண்டு பேரும் சமமாச் செய்ததெண்டு கையெழுத்து வைச்சுத் தந்திருக்கினம்.”

“அது அவை சொல்லுறது. நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டுதானே இந்தத் தாள்?” பஞ்சலிங்கம் கோவையை மூடி உதயகலா பக்கம் தள்ளினார். “வெள்ளிக்கிழமை புள்ளிப் பட்டியல் போகவேணும். வியாழன் பின்னேரத்துக்கிடையிலை திருத்தித் தாங்கோ. நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தந்தது.”

வேறொருவராக இருந்தால் வெட்கத்தில் முகம் சிவந்திருக்கும். உதயகலா “ஓம் சேர்” என்று கோவையை எடுத்துக்கொண்டு வந்தார்.

தன்னுடைய மேசையில் இருந்து அவர் முதலில் செய்த காரியத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. மூன்று தாளிலும் சொற்களை மாற்றினார். கோபிசங்கருக்குப் ‘பங்களிப்புச் சிறப்பு’ என்றதை ‘பங்களிப்பு மெச்சத்தக்கது’ ஆக்கினார். நிவேதனாவுக்கு ‘குறிப்பிடத்தக்கது’. றொசாந்திக்கு என்ன சொல் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பென்சில் முனை உடைந்தது. கூராக்கும்போது, கடைசி முறை இதை எப்போது கூராக்கினோம் என்று ஞாபகம் வரவில்லை. பென்சில் நீளமாகவே இருந்தது. பதினொரு மாதமாக அது ஓரங்களில் எதையும் எழுதவேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அறிக்கையைத் திரும்ப எடுத்தார். இருபத்துநான்கு கிணறு, ஆறு கிழமை, கிழமைக்கு ஒரு தரம் ஒவ்வொரு கிணற்றிலும் மீற்றர் விட்டு வாசிப்பு எடுத்திருக்கிறார்கள். களவேலை அட்டவணையில் மூன்று பெயரும் மாறிமாறி வந்தன, ஆளுக்கு எட்டுக் கிணறு, ஒரு கிழமைகூடப் பிசகவில்லை. கடைசித் தாளில் ‘எல்லா வேலைகளும் மூவராலும் சமமாகச் செய்யப்பட்டன’ என்று ஒரு வரி, கீழே மூன்று கையெழுத்து. ஆறு கிழமையில் ஒரு காய்ச்சல் வரவில்லை, ஒரு பஸ் தவறவில்லை, ஒரு கலியாணவீடு குறுக்கே வரவில்லை. யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு ஆறு கிழமை இருந்திருக்க வழியில்லை. முந்தின உதயகலாவுக்கு இது முதல் பார்வையிலேயே பட்டிருக்கும்.

மூன்று பேரையும் செவ்வாய்க்கிழமை தனித்தனியாக வரச்சொன்னார்.

முதலில் கோபிசங்கர் வந்தான். இணுவில் பொடியன், மோட்டார்சைக்கிள் வைத்திருப்பவன், குழுத் தலைவன், வாய்ச்சொல்லுக்குக் குறைவில்லாதவன். எதைக் கேட்டாலும் “நாங்கள் செய்தனாங்கள் மிஸ்”. கிணறுகளை எப்படித் தெரிவுசெய்தீர்கள் என்றால் நாங்கள். வரைபு கீறியது யார் என்றால் நாங்கள். நிவேதனா அடுத்ததாக வந்தாள். அவளுக்குப் பயம், அதனால் ‘நாங்கள்’ கொஞ்சம் மெதுவாக வந்தது. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பதை யாரும் கண்டுபிடிக்கலாம். மிஸ் கண்டுபிடித்தார், ஆனால் கோபம் வரவில்லை. கேள்வியை எழுதி, பதிலை எழுதி, “சரி, போகலாம்” என்றார்.

றொசாந்தி மூன்றாவதாக வந்தாள். குருநகர்ப் பிள்ளை. தகப்பன் சிமியோன் கடலுக்குப் போகிறவர். தாய் அற்புதராணிக்கு நீரிழிவு. காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் இருந்ததாக மிஸ் கேள்விப்பட்டிருந்தார். கதிரையைக் காட்டியும் இருக்காமல் நின்றாள்.

“மிஸ், கடைசி மூண்டு கிழமையும் நான் ஒரு கிணத்துக்கும் போகேல்லை,” என்றாள். எடுத்த எடுப்பில் அவ்வளவுதான்.

“அட்டவணையிலை உம்மடை பேர் கிடக்கு.”

“ஓம் மிஸ். அம்மாவோடை வார்ட்டிலை நிண்டனான். என்ரை எட்டுக் கிணத்தையும் அவை ரெண்டு பேரும்தான் பிரிச்சுச் செய்தவை. எழுதுறதிலையும் நான் இல்லை. கோபிசங்கர் ஆஸ்பத்திரிக்கு வந்து கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போனவர். நீ யோசியாதை, உன்ரை பேரைப் போட்டாச்சு எண்டார்.”

“இதைச் சொன்னா உம்மடை தனிப்புள்ளி என்னாகும் எண்டு தெரியுமோ?”

“தெரியும். ஆடியிலை நீர்ப் பரிசோதனைக் கூடத்திலை ஒரு வேலைக்கு நேர்முகம் இருக்கு. சான்றிதழ் கேட்பினம். இருபதுக்குக் கீழை போனா இந்த வருசம் சான்றிதழ் இல்லை. எல்லாம் தெரியும் மிஸ். நான் அழுது கேக்க வரேல்லை.”

“பிறகேன் சொல்லுறீர்? ஆரும் கேக்கேல்லையே.”

றொசாந்தி மேசையில் இருந்த கோவையைக் காட்டினாள். “அண்டைக்குக் குறிப்புத் தாளைக் காட்டினியள் எல்லோ? களவேலையிலை பங்களிப்புச் சிறப்பு எண்டு. அதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். அவ சந்தோசப்பட்டவ. பிறகு எனக்கு அதை வாசிக்க ஏலாமல் போச்சு. அது வேறை ஆரையோ பற்றி எழுதினது. என்ரை பேரைப் போட்டுக் கிடக்கு, நான் அதிலை இல்லை.”

மிஸ்ஸின் கை பென்சிலோடு அப்படியே நின்றது. இந்தப் பிள்ளை சொன்ன அதே விஷயம் அவருடைய வீட்டு அலுமாரிக்குள் அச்சடித்துக் கிடந்தது.

அந்தியேட்டி அன்று வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம் ஒன்று உண்டு. கல்வெட்டு என்போம். இறந்தவரின் படம், தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, நன்றி நவிலல். இதில் யாரும் யாரையும் குறைவாக எழுதுவதில்லை. இறந்தவருக்கும் நூறு புள்ளி, இருப்பவர்களுக்கும் நூறு புள்ளி. நமசிவாயத்தின் கல்வெட்டில், ஆறாம் பக்கத்தில், ‘நோயுற்ற நாள் முதல் கண்ணை இமை காப்பதுபோல் காத்து நின்ற அன்பு மனைவி உதயகலா’ என்று ஒரு வரி இருந்தது. அதை வாசித்துவிட்டு எத்தனையோ பேர் அவருடைய கையைப் பிடித்தார்கள். அவர் காக்கவில்லை. பதினொரு மாதமும் காலை ஆறேகாலுக்கு பஸ் ஏறிப் போய்விடுவார். லீவு கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. படுக்கையில் கிடந்த மனிதரைப் பார்க்கப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. கழுவியது, துடைத்தது, புரட்டிவிட்டது, கஞ்சி பருக்கியது எல்லாம் மச்சாள் பாலேஸ்வரி. நமசிவாயத்தின் அக்கா, கலியாணம் செய்யாதவர், அதே வீட்டில் இருப்பவர். அந்த வரியை எழுதி அச்சகத்துக்குக் கொடுத்ததும் பாலேஸ்வரிதான்.

இதனால்தான் உதயகலாவுக்கு அழுகை வரவில்லை. தனக்கு உரிமையில்லாத இடத்தில் இருந்து எப்படி அழுவது? அழுதால் அதுவும் அந்த வரியோடு சேர்ந்துவிடும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது உள்ளே போய் மரத்துவிட்டது.

“களக் கொப்பி எங்கை?” என்று கேட்டார்.

“அறிக்கையிலை பின்னிணைப்பா இருக்கு மிஸ்.”

“அது திருப்பி எழுதினது. கிணத்தடியிலை வைச்சு எழுதின கொப்பி.”

றொசாந்தி பைக்குள் இருந்து எடுத்தாள். மட்டை உரிந்து, தண்ணீர் பட்டு ஊதிய ஒரு கொப்பி. கூட்டாளிகள் அதைத் தூக்கி வீசச் சொன்னார்களாம். இவளுக்கு மனம் வரவில்லை. மிஸ் முதல் பக்கத்தில் இருந்து பார்க்கத் தொடங்கினார். மூன்று கையெழுத்து. முதல் மூன்று கிழமையும் ஒவ்வொரு நாள் காலையும் மீற்றரை நியமக் கரைசலில் விட்டுச் சரிபார்த்த பதிவு மட்டும் ஒரே கையெழுத்தில் இருந்தது. கரைசல் 1413 காட்டவேண்டும். 1411, 1415, 1412 என்று போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் கிழமை திங்களும் செவ்வாயும் அந்தப் பதிவு இல்லை. புதன்கிழமை 1290. கீழே, அந்த இரண்டு நாளும் எடுத்த ஒன்பது கிணற்று வாசிப்புகளும் குறுக்கே வெட்டியிருந்தன. மை பூசி மறைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கோடு, பழைய எண் தெரியத்தக்கதாக, பக்கத்தில் ‘றொ.’ என்று ஒரு எழுத்து, திகதி. அதற்கடுத்து ஒன்பது புதிய வாசிப்பு, நேரத்தோடு. கடைசி நேரம் பின்னேரம் ஐந்து ஐம்பது.

“உது ஆர்?” என்றார் மிஸ். அந்தக் கேள்வி பதினொரு மாதத்துக்குப் பிறகு அவருடைய வாயில் வந்தது.

“எது மிஸ்?”

“இந்த ஒன்பது கிணறும் திருப்பி அளந்தது.”

“நான்தான். அது பெரிய வேலை இல்லை மிஸ். திங்களும் செவ்வாயும் மீற்றரைக் கோபிசங்கர் கொண்டுபோனவர், காலமை சரிபார்க்கேல்லை. புதன் நான் பாக்கேக்கை குறைச்சுக் காட்டினது. மீற்றர் முனையிலை ஊத்தை பிடிச்சுக் கிடந்தது. கழுவித் திருத்தினாப் பிறகு சரி வந்திட்டுது. பிழையா எடுத்ததை வைச்சிருக்கேலாது தானே, சைக்கிளிலை போயிட்டு வந்தன்.”

“இணுவிலுக்கு? குருநகரிலை இருந்து?”

“ஓம் மிஸ்.”

“எல்லா வாசிப்பையும் ஒரே அளவாலை பெருக்கிச் சரிக்கட்டியிருக்கலாமே? 1413ஐ 1290ஆலை பிரிச்சு.”

“எந்த நேரத்திலை இருந்து பிழைச்சது எண்டு தெரியாதே மிஸ். திங்கள் காலமை சரியா இருந்திருக்கலாம், செவ்வாய் பிழைச்சிருக்கலாம். தெரியாமல் எப்பிடிப் பெருக்கிறது?”

சரியான பதில். இருபத்திரண்டு வருடத்தில் இந்தப் பதிலைச் சொன்ன பிள்ளைகளைக் கைவிரலில் எண்ணலாம். மிஸ் கொப்பியில் இருந்து தலையை எடுக்காமல், கோபிசங்கரைக் கூப்பிட்டுவரச் சொன்னார்.

கோபிசங்கர் கொப்பியைக் கண்டதும் முகம் கறுத்தான்.

“தம்பி, இந்த ஒன்பது கிணறும்?”

“அவள்தான் மிஸ்,” என்றான். “நான் கணக்குப் போட்டுத் திருத்துவம் எண்டனான். அவள் கேக்கேல்லை,” என்றான்.

“திருப்பி அளந்ததாலை ஏதும் மாறினதோ?”

“ரெண்டு கிணறு. முதல் வாசிப்பிலை அது குடிக்கக்கூடிய பக்கம் நிண்டது. திருப்பி அளக்க மற்றப் பக்கம் போயிட்டுது.”

“அறிக்கையிலை ‘மீற்றர் கிரமமாகச் சரிபார்க்கப்பட்டது’ எண்டு ஒரு வரிதானே கிடக்கு. இதை ஏன் எழுதேல்லை?”

கோபிசங்கர் றொசாந்தியைப் பார்த்தான். பொடியன் கெட்டவன் இல்லை. “இதை இவள் செய்தது எண்டு எழுதினா, மற்றதை ஆர் செய்ததெண்டும் எழுதவேண்டி வரும் மிஸ். அப்ப இவள் வராததும் தெரிஞ்சிடும். அதுதான் எல்லாம் எல்லாரும் செய்ததெண்டு விட்டம். இவளுக்கு நல்லதெண்டுதான் செய்தனாங்கள்.”

நல்லதுக்குத்தான். நமது ஆட்கள் செய்கிற பல பிழைகள் இப்படித்தான், கண்ணீர் வரும் அளவுக்கு நல்ல மனத்தோடு செய்யப்படுகின்றன. ஒரு பெண் வராத மூன்று கிழமையை மறைக்கப்போய், அவள் தனியே திருப்பி அளந்த ஒரு நாளையும் சேர்த்து மூடிவிட்டார்கள். அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்த நாள்தான். அது இல்லாமல் அவளுக்கு இருபது வராது. அது இருப்பதாக அவளுக்கே தெரியாது.

“புதுசா ஒரு பங்களிப்புக் கூற்று எழுதுங்கோ,” என்றார் மிஸ். “மூண்டு பேரும். எந்தக் கிழமை, எந்தக் கிணறு, ஆர். எழுதினது ஆர், வரைபு கீறினது ஆர். பழையதும் கோவையிலை இருக்கும், கிழிக்கிறேல்லை. அட்டவணையிலை பொய்ப்பேர் போட்டதுக்கு அறிக்கைப் புள்ளியிலை குறைப்பன். அது மூண்டு பேருக்கும் குறையும், ஏனெண்டா மூண்டு பேரும் கையெழுத்து வைச்சனியள்.”

“எவ்வளவு மிஸ்?” என்றான் கோபிசங்கர்.

“மூண்டு.”

புதன்கிழமை புதிய கூற்று வந்தது. இந்தமுறை நிவேதனாதான் எழுதியிருந்தாள், வரிக்கு வரி பெயரோடு. மிஸ் அன்று மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் இருந்து எழுதினார். அறிக்கைக்கு 47 இருந்தது 44 ஆனது. பிறகு தனிக்குறிப்புகள்.

கோபிசங்கருக்கு: ‘கிணறுகளைத் தெரிவுசெய்தது, வீட்டுக்காரரிடம் அனுமதி பெற்றது, அறிக்கையின் முதல் மூன்று அத்தியாயங்களை எழுதியது இவர். இறுதி மூன்று கிழமையும் தனது எட்டோடு இன்னும் நான்கு கிணறு அளந்தார். இரண்டு நாள் மீற்றரைச் சரிபார்க்காமல் பாவித்தார். கணக்கால் திருத்தலாம் என்ற யோசனையும் இவருடையதே. வேலையாள், பொறுமை போதாது. 29/40.’

நிவேதனாவுக்கு: ‘எல்லா வரைபுகளும் படங்களும் முடிவுரையும் இவருடையவை. ஆறாம் வரைபில் மழைநாளைக் குறித்தது நல்ல கவனம். இறுதி மூன்று கிழமை மேலதிகமாக நான்கு கிணறு அளந்தார். வாய்மொழியில், தான் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லத் தயங்கினார். 31/40.’

றொசாந்திக்கு எழுத ஒரு மணித்தியாலம் சென்றது. மூன்று தரம் அழித்தார்.

‘நாலாம், ஐந்தாம், ஆறாம் கிழமை வாசிப்புகளில் இவருடையது ஒன்றும் இல்லை. அறிக்கை எழுதியதிலும் இல்லை. அந்தப் பகுதிக்குப் புள்ளி இல்லை. முதல் மூன்று கிழமையும் தனது எட்டுக் கிணற்றையும் அளந்தார். அந்தக் கிழமைகளில் இரண்டு நாள் தவிர நாள்தோறும் மீற்றரைச் சரிபார்த்தது இவர். பிழை கண்ட பிறகு, ஒன்பது வாசிப்பைக் கோடிட்டு வெட்டி, தனியே சைக்கிளில் போய் ஒரே பகலில் திருப்பி அளந்தார். ஏன் கணக்கால் திருத்தக்கூடாது என்பதற்கு இவர் சொன்ன காரணம் சரி. இந்த அறிக்கையின் இரண்டாம் கிழமை நம்பத்தக்கதாக இருப்பது இவரால். இது குழு செய்ததல்ல, இவர் செய்தது. 23/40.’

இன்னொரு தாளில் பஞ்சலிங்கத்துக்கு இரண்டு வரி: ‘முன்னைய குறிப்புகள் கொப்பியைப் பார்க்காமல் எழுதப்பட்டன. எழுதியது நான்.’

வியாழன் காலை பஞ்சலிங்கம் மூன்றையும் வாசித்தார். கொப்பியின் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். “இப்ப மூண்டு பேர் தெரியினம்,” என்று கையொப்பமிட்டார். அந்த இரண்டு வரித் தாளையும் கோவையில் கோர்த்தார்.

றொசாந்தி தன்னுடைய தாளை நின்ற நிலையில் வாசித்தாள். முப்பத்திரண்டு இருபத்துமூன்றாகிவிட்ட ஒருத்தி அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. “இதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டலாம் மிஸ்,” என்றாள். முதல் மூன்று வரியையும் சேர்த்தா என்று மிஸ் கேட்டார். “ஓம், முழுசா,” என்றாள்.

மிஸ் சிரிக்கவில்லை. சந்தோசம் என்று ஒன்று வந்ததா என்றால் அதுவும் இல்லை. மரத்த காலை ஊன்றும்போது ஒரு குத்து வருமே, அதுபோல ஏதோ ஒன்று வந்தது. அன்று ஒன்றரை மணி பஸ்ஸில் அரைநாள் லீவில் வீட்டுக்குப் போனார். நமசிவாயம் படுக்கையில் கிடந்த பதினொரு மாதத்தில் ஒரு நாள்கூடப் போடாத அரைநாள் லீவு அது.

பாலேஸ்வரி குசினியில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். நேரத்தோடு வந்தவரைக் கண்டு, “என்ன, காய்ச்சலே?” என்றார்.

“இல்லை மச்சாள்.” உதயகலா நேரே அலுமாரியில் இருந்து கல்வெட்டை எடுத்துக்கொண்டு வந்து, ஆறாம் பக்கத்தை விரித்து, இலைக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தார். “உதிலை என்ரை பேரை ஏன் போட்டனியள்?”

பாலேஸ்வரி கண்ணாடி இல்லாமலே எது என்று தெரிந்துகொண்டார். “பெண்சாதி பேரைப் போடாமல் வேறை ஆற்றை பேரைப் போடுறது?”

“உங்கடை பேரை. கழுவினது நீங்கள். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டினது நீங்கள். முதுகிலை ஒரு புண் வராமல் பாத்தது நீங்கள், டொக்டரே கேட்டவர் ஆர் பாக்கிறதெண்டு. நான் ஓடி ஒளிச்சனான் மச்சாள். லீவு எடுத்திருக்கலாம், எடுக்கேல்லை. அவரைப் பாக்கப் பயந்து பள்ளிக்கூடம் போனனான். அந்த வரி என்ரை இல்லை.”

சொல்லும்போது அவருடைய குரல் வகுப்பில் பாடம் சொல்வதுபோல் நேராகத்தான் இருந்தது. பாலேஸ்வரி ஒரு ஈர்க்கை உருவி இலையைச் சுளகில் போட்டார். இன்னொன்றை உருவினார்.

“ஓம். நீ பாக்கேல்லை,” என்றார்.

பதினொரு மாதமாக யாரும் சொல்லாததை அவர் இலை ஆய்ந்தபடி சொல்லிவிட்டார்.

“நான்தான் பாத்தனான். எனக்குத் தெரியாதே? ஊர் உன்னைக் கதைக்கப்போகுது எண்டுதான் அப்பிடி எழுதிக் குடுத்தன். அது பொய்தான்.” பாலேஸ்வரி இப்போது நிமிர்ந்து பார்த்தார். “ஆனா ஞாயித்துக்கிழமையிலை அவனுக்குச் சவரம் எடுத்துவிட்டது நீ. நான் பிளேட்டைக் கொண்டு கிட்டப்போனா முகத்தைத் திருப்பிப்போடுவான். கடைக்காரப் பொடியனைக் கூப்பிட்டும் விடேல்லை. சனிக்கிழமை பின்னேரமே தாடையைத் தடவத் தொடங்கிவிடுவான், நீ நாளைக்கு நிப்பாய் எண்டு. அந்தப் பதினொரு மாதமும் ஒரு ஞாயிறு தப்பேல்லை. அது நீ செய்தது. அதை நான் செய்யேல்லை.”

உதயகலாவுக்கு ஞாபகம் வந்தது. வெந்நீர்க் கிண்ணம், சவர்க்கார நுரை, இழுத்துப்போன வாயின் இடது மூலையைப் பெருவிரலால் மெல்ல நீட்டிப் பிடிப்பது, அப்போது அவர் கண்ணை மூடிக்கொள்வது. அதை ஒரு வேலையாக அவர் எங்கும் எழுதிவைத்திருக்கவில்லை.

அவர் குசினி நிலத்தில் குந்தியிருந்து அழத் தொடங்கினார். சத்தமாக, மூக்கு ஒழுக, அக்கம்பக்கம் கேட்கத்தக்கதாக அழுதார். பாலேஸ்வரி சுளகைத் தள்ளி வைத்துவிட்டு, ஆய்ந்த இலை ஈரம் பட்டுப்போகாமல் ஒரு துணியால் மூடினார்.